கூட்டு ரோட்டுக் கடை

நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலை பிரியும் இடத்துக்குத் தமிழகத்தில் வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் அது கூட்டு ரோடு. கோவை, ஈரோட்டுப் பக்கத்தில் பிரிவு. மதுரைக்குத் தெற்கே விலக்கு. பெயர் எதுவாயினும் காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஒரு புளியமரம், ஒரு தேநீர்க்கடை, பேருந்துக்குக் காத்திருக்கும் நான்கு பேர், உள்ளே தள்ளிக் கிடக்கும் மூன்று நான்கு ஊர்களின் பெயர்களைத் தாங்கிய கைகாட்டி. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் காட்சியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ‘ரீசார்ஜ், கரண்ட் பில், ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ்’ என்று எழுதிய பலகையும் அதன் கீழே பத்தடிக்கு எட்டடியில் ஒரு கடையும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கூட்டு ரோடு ஒன்றில் இருக்கும் அப்படிப்பட்ட கடை ஒன்றில் ஒரு கணினி, நகலும் எடுத்து அச்சும் போடும் இயந்திரம் ஒன்று, கைரேகை வைக்கும் சிறு கருவி, புகைப்படம் எடுப்பதற்காகச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணி ஆகியவை இருக்கின்றன. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். முதலில் அவர் விற்றது சுரண்டும் அட்டைகளை. பத்து ரூபாய் அட்டையை நாணயத்தால் சுரண்டி, வெளிப்படும் எண்களைக் கைப்பேசியில் அழுத்த வேண்டும். அழுத்தத் தெரியாதவர்களுக்கு அவரே அழுத்திக் கொடுத்தார். தமக்குத் தெரியாததை அடுத்தவர் கையால் செய்துகொள்ள ஊரார் அங்கே வரத் தொடங்கியது அப்படித்தான். விண்ணப்பங்கள் பின்னால் வந்தவை.

இப்போது அட்டை இல்லை. எண்ணைச் சொன்னால் போதும். நூறு ரூபாய்க்கு இரண்டு மூன்று ரூபாய் அவருக்கு நிற்கும். வாடிக்கையாளர்கள் ‘ஒரு மாசத்துக்குப் போடுங்க’ என்பார்கள். அவர் போடுவது பெரும்பாலும் இருபத்தெட்டு நாள் திட்டமாக இருக்கும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு முறைதானே என்று எண்ணினால் கணக்குத் தவறும். இருபத்தெட்டைப் பதின்மூன்றால் பெருக்கினால்தான் 364 வருகிறது. ஆகவே ஓர் ஆண்டைக் கடக்கப் பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். இது குறித்து எழுந்த குறைகளுக்குப் பிறகு, முப்பது நாள் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் ஆணையிட்டது. இருந்தும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கையில் அன்றைக்கு இருக்கும் தொகைக்கு எது கிடைக்குமோ அதையே கேட்கிறார்கள். நாள் முடிந்ததும் வெளியே பேசும் வசதி நிற்கும். மேலும் சில நாள்களில் உள்ளே வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் நின்றுபோகும். தொடர்ந்து மூன்று மாதம் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்து, பின்னர் முன்பின் அறியாத வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும். ‘அந்த நம்பர் போனா போவுது’ என்று சொல்லுகிறவர்களைக் கடைக்காரர் விடுவதில்லை. அது வேறு எங்கெங்கே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பார். அந்தக் கேள்வியின் பொருள் பலருக்கும் பிறகுதான் விளங்கும்.

மின்கட்டணம் இதைவிட எளிது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் வீடுகளுக்கு முதல் நூறு அலகுக்குக் கட்டணம் இல்லை. எனவே ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டும் உள்ள வீட்டார், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகவே வந்து போவதுண்டு. மின் இணைப்பு எண்ணை அடித்ததும் திரையில் ஒரு பெயர் வரும். அதைக் கடைக்காரர் உரக்கப் படிப்பார். ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்த தெருக்காரரின் கட்டணத்தைக் கட்டிவிட நேரும். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். படிக்கப்படும் பெயர்களில் பல, இறந்துபோன பாட்டனார்களின் பெயர்கள். வீடு கை மாறியும் இணைப்பு மாறாமல் இருக்கும். ‘ஆமாம், அது எங்க தாத்தாதான்’ என்று பேரப்பிள்ளைகள் தலையாட்ட, மறைந்தவர் பெயரில் ரசீது வெளிவரும்.

விண்ணப்பம் நிரப்புவதுதான் அங்கே நேரமும் கவனமும் கேட்கும் வேலை. மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகு கடையின் முன்னால் விசுப்பலகை நிறைந்திருக்கும். அப்படியொரு நாளில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளின் பெயரை எழிலரசி என்று வைத்துக்கொள்ளலாம். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இருந்தாள். அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தில் இதுவரை பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை என்று வருவாய்த் துறை தரும் சான்று அது. அதைக் காட்டினால் ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குப் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. 2010-11ஆம் கல்வியாண்டிலிருந்து நடப்பில் உள்ள ஏற்பாடு. கலந்தாய்வுப் பதிவுக்குக் கடைசி நாள் வர மூன்று வாரம் இருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் இடம் கிடைத்தாலும் கட்டணம் கட்ட வழியில்லை என்பதைத் தாய் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொண்டுவந்த பையில் மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாம் இருந்தன. ஆதார் அட்டை மட்டும் நகலின் நகலாக இருந்தது. அசல் சென்ற ஆண்டு மழையில் கூரை ஒழுகியபோது ஊறிக் கிழிந்துபோயிற்று. நகலில் தமிழ்ப் பெயர் தெரிந்தது. அதன் கீழே ஆங்கில வரி கறுப்புக் கோடாக ஓடியிருந்தது. தெளிவில்லாத படத்தை ஏற்றினால் விண்ணப்பத்தை அலுவலகம் திருப்பி அனுப்பும், அதில் ஒரு வாரம் போய்விடும். ஆகவே மின்னணு ஆதாரைப் பதிவிறக்கிவிடலாம் என்றார் கடைக்காரர். அட்டை எண்ணை அடித்ததும், ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு ஒரு முறை மட்டும் செல்லும் ஆறு இலக்க எண்ணை, அதாவது ஓ.டி.பி.யை, அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. தாயின் கையிலிருந்த கைப்பேசிக்கு ஒன்றும் வரவில்லை.

“எந்த நம்பர் குடுத்தீங்கம்மா அப்போ?”

“அவுங்க அப்பாவுதுண்ணா. அவரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயி வேற நம்பர் வாங்கிட்டாரு. பழைய சிம்மு வீட்ல ஆயாகிட்ட, பட்டன் போன்ல கெடக்குது.”

“அதுக்கு எப்போ பணம் போட்டீங்க?”

தாய் விரல் விட்டு எண்ணினார். பங்குனியில் நாள் முடிந்திருந்தது. அதன்பின் போடவில்லை, ஆயாவுக்கு வரும் அழைப்பும் சில வாரங்களாக இல்லை. மூன்று மாதம் ஆகவில்லை என்பதுதான் நல்வாய்ப்பு. ஆகியிருந்தால் அந்த எண் வேறொருவர் கையில் இருந்திருக்கலாம், எழிலரசியின் ஓ.டி.பி. அந்தப் பெயர் தெரியாதவருக்குப் போயிருக்கும். கடைக்காரர் விண்ணப்பத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த எண்ணுக்கு இருப்பதிலேயே குறைந்த திட்டத்தைப் போட்டார். சிறிது நேரம் கழித்துப் புதிதாக ஓ.டி.பி. கேட்டார். அது சில நிமிடங்கள்தான் செல்லும். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, வந்த செய்தியைப் படிக்கச் சொன்னார்கள். அவன் முதலில் செய்தியில் இருந்த நேரத்தைப் படித்தான். பிறகு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

இங்கே கடைக்காரர் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. எண்ணைக் கேட்டு வாங்குமுன் பெண்ணைத் திரைக்கு முன்னால் அழைத்து, எதற்காக இந்த எண் கேட்கப்படுகிறது என்பதைப் படிக்கச் செய்தார். “நீயா தொடங்கின வேலைக்கு வர்ற நம்பர மட்டும்தான் சொல்லணும் பாப்பா. வேற யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா, நானே கேட்டாலும், சொல்லக்கூடாது” என்றார். எல்லாக் கடைகளிலும் இந்த வழக்கம் இருப்பதாகச் சொல்ல முடியாது. நூறு பேரின் கடவுச்சொற்களை ஒரே நோட்டில் எழுதி மேசைமேல் திறந்து வைத்திருக்கும் கடைகள் உண்டு. பிழையாக அச்சான ஆதார் நகல்கள் குப்பையில் போய்ப் பக்கத்துக் கடையின் வடையைச் சுற்றி வருவதும் உண்டு. முதல் எட்டு இலக்கத்தை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் வடிவமும் பதிவிறக்கக் கிடைக்கிறது. கேட்டு வாங்குகிறவர்தாம் மிகக் குறைவு.

கோப்பு இறங்கிவிட்டது. அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பேரெழுத்தில் அடித்து, தொடர்ந்து பிறந்த ஆண்டை அடிக்க வேண்டும் என்பது விதி. பெண் 2008இல் பிறந்தவள். மதிப்பெண் சான்றிதழைப் பார்த்துக் கடைக்காரர் `EZHI2008` என்று அடித்தார். திறக்கவில்லை. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கக்கூடும். அப்படியானால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும். `M.EZ2008` என்று அடித்துப் பார்த்தார். அதற்கும் திறக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு `ELIL2008` என்றார். கோப்பு திறந்துகொண்டது, சிக்கலும் வெளியே வந்தது.

தமிழில் எழிலரசி. மதிப்பெண் சான்றிதழில் `EZHILARASI M`. ஆதாரில் `ELILARASI M`. குழந்தையாக இருந்தபோது ஆதார் எடுத்தவர் காதால் கேட்டதை எழுதியிருந்தார். பள்ளியில் பெயர் சேர்த்த ஆசிரியர் ழகரத்துக்கு zh என்னும் வழக்கைப் பின்பற்றியிருந்தார். தமிழில் இரண்டும் ஒரே பெயர். எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் இயந்திரத்துக்கோ இரண்டு வெவ்வேறு ஆட்கள். கடவுச்சொல் திறக்காமல் போனதால்தான் இது அன்றைக்குத் தெரிந்தது. தெரியாமல் விண்ணப்பித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்து, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கோடு ஆதாரை ஒப்பிடும் நாளில் தெரிந்திருக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ழகரம் ஒன்று. தமிழரசி என்னும் பெயரையே `TAMILARASI`, `THAMILARASI`, `THAMIZHARASI` என்று மூன்று வகையாக ஒரே பெண்ணின் மூன்று ஆவணங்களில் காணலாம். தலைப்பெழுத்து இன்னொன்று. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து போதும் என்பது மரபு. வேறு நாட்டு வழக்கை மனத்தில் கொண்டு வகுத்த படிவமோ முதற்பெயர் ஒரு கட்டத்திலும் குடும்பப்பெயர் இன்னொரு கட்டத்திலும் வேண்டும் என்கிறது. ‘M’ என்னும் ஒற்றை எழுத்தை ஏற்க மறுத்து, குறைந்தது இரண்டெழுத்தாவது வேண்டும் என்று சில படிவங்கள் அடம் பிடிக்கும். அப்போது ஒரு கடையில் தந்தையின் முழுப்பெயரைப் போடுவார்கள். இன்னொரு கடையில் பெயரையே இரண்டு முறை போடுவார்கள். அவரவர் விருப்பப்படி விழுந்த எழுத்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து வரும். இந்தக் கடைக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, எழுத்து, புள்ளி, இடைவெளி மாறாமல், அப்படியே எங்கும். மேற்படிப்பும் வேலையும் கேட்கும் முதல் ஆவணம் அதுவே. அச்சாகி வந்தபின் அதில் திருத்தம் பெறுவது பெரிய அலைச்சல். பள்ளியில் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களே, ஒரு நிமிடத்தில் பலர் பாராமலே போட்டுவிடும் அந்தக் கையெழுத்து, அங்கேதான் இதைச் செலவில்லாமல் திருத்த முடியும்.

எழிலரசிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் சரியாக இருந்தது. முன்பே வாங்கிய சாதிச் சான்றிதழிலும் அதே எழுத்துகள். மாற்ற வேண்டியது ஆதார்தான். அதைக் கடையில் இருந்தபடி செய்ய இயலாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள ஆதார் மையத்துக்கு உரிய அசல் சான்றோடு பெண்ணே நேரில் போக வேண்டும். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், பதிவதற்கு முன் திரையில் தெரியும் எழுத்துகளை நின்று படித்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும். கைப்பேசி எண்ணையும் தாயின் எண்ணாக அப்போதே மாற்றிவிட வேண்டும். இவற்றையெல்லாம் அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். ரீசார்ஜுக்கும் அச்சுக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆதாரில் ஆங்கிலப் பெயர் திருந்தியிருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான பக்கத்தைத் திறந்தார் கடைக்காரர். புகைப்படமும் சான்றுகளும் அதனதன் அளவுக்குள் அடங்கி ஏறின. அடுத்து குடும்ப உறுப்பினர்களின் கல்வியைக் கேட்கும் பட்டியல் வந்தது. தந்தை, தாய் என்பதோடு அது நிற்காது. தந்தைவழிப் பாட்டனார், பாட்டியார், தாய்வழிப் பாட்டனார், பாட்டியார், உடன்பிறந்தார் என்று போகும்.

“அப்பா?”

“அஞ்சாவது.”

“நீங்க?”

“எட்டாவது வரைக்கும் போனேன். பெயிலு.”

“அவுங்க அப்பாவோட அப்பா?”

தாய் சிரித்தார். “கைநாட்டுதாண்ணா.”

‘படிக்கவில்லை’ என்று அடித்தார். அந்த அம்மாவின் மாமியார், அதாவது அன்று பட்டன் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்ட ஆயா: ‘படிக்கவில்லை’. தாயின் தந்தை: ‘படிக்கவில்லை’. தாயின் தாய்: ‘படிக்கவில்லை’. நான்காவது முறைக்கு அவர் மேலே இருந்ததையே நகலெடுத்து ஒட்டினார். அண்ணன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்திருந்தான். அது பட்டம் அல்ல. ஆகவே தடை இல்லை. ஆனால் மறைக்கவும் கூடாது என்று அதையும் சேர்த்தார். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிக்கும்போது, எழுதியதும் ஊரார் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். பெண் அந்தப் பட்டியலைத் திரையில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொருமுறை படித்தாள்.

“சரியா இருக்குதா பாப்பா?”

“இருக்குதுண்ணா.”

அரசுக் கட்டணம் அறுபது ரூபாய். ஒப்புகைச் சீட்டு அச்சாகி வந்தது. அதில் இருந்த விண்ணப்ப எண்ணைப் பெண்ணின் நோட்டிலும் எழுதச் சொன்னார். சீட்டு தொலைந்தாலும் எண் இருந்தால் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும், அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பின்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்பது எண்ணை அடித்தால் தெரியும். மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றால் நேரில் போய்க் கேட்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் காரணம் ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் மறுபடி புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அறுபது ரூபாயையும் நாளையும் சேர்த்து இழக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகம் ஒப்பியதும் குறுஞ்செய்தி வரும். இந்த முறை அது தாயின் கைப்பேசிக்கே வரும்.

ஆறாம் நாள் காலையில் வந்தது. எழிலரசி தனியாகச் சைக்கிளில் வந்தாள். கடையில் மூன்று பேர் மின்கட்டணத்துக்காக நின்றிருந்தார்கள். அச்சு இயந்திரம் சான்றிதழை மெதுவாக வெளியே தள்ளியது. மேலே அரசு முத்திரை, கீழே மூலையில் கைப்பேசியால் படித்துச் சரிபார்க்கும் கியூஆர் குறியீடு, நடுவில் பெயர். அவள் முதலில் பார்த்தது ஆங்கில எழுத்துகளை. `E`, `Z`, `H`, `I` என்று விரலை ஓட்டிக்கொண்டே போய் `M` வரைக்கும் பார்த்தாள். பிறகு இரண்டு பிரதி கேட்டாள். ஒன்று கலந்தாய்வுக்கு, ஒன்று பெங்களூரில் இருக்கும் அப்பாவுக்கு. அவருக்குக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாமே என்றார் கடைக்காரர். தாளாகத்தான் வேண்டும் என்றாள்.